ஒரு கிலோ கோழிக்கால்: நறுக்கிப் பொரிப்பதா, முழுசாகப் பொரிப்பதா, இரண்டு தடவை பொரிப்பதா?

ஒரு கிலோ கோழிக்கால் இருக்கிறது. மாவு பூசி, எண்ணெயில் முங்கவிட்டுப் பொரிக்கப் போகிறோம். கடித்தால் மேலே நறுக்கென்று சத்தம் வர வேண்டும், உள்ளே எலும்பு வரை வெந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதில்தான் சிக்கல். நல்ல சூட்டில் மேல்மாவு சிவக்க நான்கு நிமிடம் போதும். எலும்போடு இருக்கும் காலின் நடுப்பகுதி வேகப் பன்னிரண்டு நிமிடமாவது வேண்டும். நடுவில் இருக்கும் அந்த எட்டு நிமிடத்தை எப்படிச் சமாளிப்பது?

வீட்டு அடுப்பில் அதற்கு நான்கு வழி உண்டு. எலும்பை எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக்கி ஒரே தடவையில் பொரிக்கலாம். முழுக்காலையும் மிதமான சூட்டில் வைத்து ஒரே தடவையில் முடிக்கலாம். முதலில் குறைந்த சூட்டில் பொரித்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி நல்ல சூட்டில் போட்டு எடுக்கலாம். அல்லது மேலே சிவந்ததும் எடுத்து ஓவனில் வைத்து உள்ளே வேகவிடலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எலும்போடு முழுக்கால் என்றால் இரண்டு தடவை பொரிப்பது. எலும்பில்லாத சிறு துண்டு என்றால் ஒரே தடவை போதும், இரண்டு தடவை வீண்வேலை. காரணத்தைப் பார்ப்போம்.

எண்ணெயைச் சூடாக்கினால் உள்ளே சீக்கிரம் வேகுமா?

வேகாது என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். கறியை எண்ணெயில் போட்டதும் மேலே இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழியாகக் கிளம்புகிறது. ஈரம் இருக்கும் வரைக்கும் அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. எண்ணெய் 160 டிகிரியில் இருந்தாலும் 190 டிகிரியில் இருந்தாலும், மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கறிக்கு அது கிட்டத்தட்ட ஒரே கொதிநிலைச் சூடுதான். அங்கிருந்து நடுப்பகுதிக்குச் சூடு மெல்ல ஊர்ந்து போக வேண்டும். அது எண்ணெயின் சூட்டைவிடத் துண்டின் தடிமனைப் பொறுத்தது.

மேல்மாவுக்குக் கதை வேறு. அது மெல்லியது, சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்த பிறகு எண்ணெயின் சூட்டை நேராக வாங்கிக்கொள்ளும். அதனால் தீயைக் கூட்டினால் சிவப்பது வேகமாகும், கருகுவதும் வேகமாகும், உள்ளே வேகுவது மட்டும் கொஞ்சம்தான் முந்தும். “மேலே கருகிவிட்டது, உள்ளே பச்சை” என்று வருவதெல்லாம் இதனால்தான்.

தடிமன் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. துண்டின் தடிமன் இரண்டு மடங்கானால் வேகும் நேரமும் இரண்டு மடங்காகாது. மூன்று, நான்கு மடங்குக்குப் போய்விடும். இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள எலும்பில்லாத துண்டு 175 டிகிரியில் நாலைந்து நிமிடத்தில் வெந்துவிடும். அந்த நேரத்தில் மேல்மாவும் சரியாகச் சிவந்திருக்கும். இரண்டும் ஒன்றாக முடிகின்றன. சிறு துண்டைக் கெடுப்பது கடினம் என்பதற்கு இதுதான் காரணம். 120 கிராம் முழுக்காலை அதே 175-இல் விட்டால், உள்ளே வேகும்போது மேல்மாவு கரும்பழுப்பைத் தாண்டியிருக்கும். ஆகவே முதலில் துண்டின் அளவை முடிவு செய்ய வேண்டும், எண்ணெயின் சூடு அதற்குப் பிறகு. வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

அளவு எதுவானாலும் ஒரே ஈட்டில் போடும் துண்டுகள் ஒரே தடிமனாக இருக்கட்டும். தொடையையும் சிறகையும் ஒன்றாகப் போட்டால் எதை நம்பி எடுப்பது?

முழுக்காலை ஒரே தடவையில் முடித்தால்

முடியும். எண்ணெயை 160 முதல் 165 டிகிரியில் பிடித்து வைத்து, பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் பொரிக்க வேண்டும். உள்ளே வெந்துவிடும். மேலேயும் நல்ல நிறம் வரும். எடுத்தவுடன் சாப்பிட்டால் மொறுமொறுப்பாகவும் இருக்கும்.

பிரச்சினை இரண்டு. முதலாவது, வாணலியில் அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது. ஒன்றரை லிட்டர் எண்ணெயில் நாலு குளிர்ந்த கால் விழுந்ததும் இருபது டிகிரி சட்டென்று இறங்கும். பதறிப்போய்த் தீயைக் கூட்டுவோம். ஐந்து நிமிடம் கழித்து ஈரம் குறைந்ததும் அதே தீயில் சூடு எகிறும். இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒழியப் பதினைந்து நிமிடம் ஒரே நிலையில் நிற்காது.

இரண்டாவது, எடுத்த பிறகு நடப்பது. முழுக்காலுக்குள் நிறைய சூடும் ஈரமும் இருக்கிறது. தட்டில் வைத்த பத்து நிமிடத்தில் அந்த ஈரம் ஆவியாக வெளியே வந்து, மேலோட்டில் ஊறி, நமுத்துப்போக வைக்கும். இரண்டாம் ஈடு முடிந்து எல்லோரும் உட்காரும்போது முதல் ஈடு சத்தம் போடாது. ஒருவருக்கு இரண்டு கால் பொரித்து அப்படியே சாப்பிடுவது என்றால் இந்த வழி நல்லது. எட்டுப் பேருக்கு என்றால் நான் போகமாட்டேன்.

இரண்டு தடவை: ஒரு கிலோவுக்கு எப்படிச் செய்வது

இங்கே இரண்டு வேலையையும் பிரித்துவிடுகிறோம். முதல் தடவை உள்ளே வேக. இரண்டாவது தடவை மேலே மொறுமொறுப்பாக. நடுவில் ஆறவிடும்போது உள்ளேயிருக்கும் ஈரம் மேலோட்டுக்கு வந்து சேரும். இரண்டாம் தடவையின் அதிக சூடு அதை விரட்டிவிடும். ஒரே தடவை பொரித்ததில் தட்டில் நடக்கிற நமுத்தல், இதில் முன்கூட்டியே நடந்து, சரிசெய்யவும் பட்டுவிடுகிறது. அதனால்தான் இந்த மொறுமொறுப்பு அதிக நேரம் நிற்கிறது.

ஒரு கிலோ என்றால் எட்டுத் துண்டு என்று வைத்துக்கொள்வோம்: நாலு முழங்கால் பகுதி, நாலு தொடை, ஒவ்வொன்றும் சுமார் 120 கிராம். மசாலாவில் ஊறியதைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்கலாம். சில்லென்ற கறி எண்ணெயின் சூட்டை அதிகமாகக் குடிக்கும். மேல்மாவுக்கு மைதாவோடு மூன்றில் ஒரு பங்கு கான்ஃப்ளாரோ அரிசி மாவோ சேர்த்தால் ஓடு லேசாகவும் நொறுங்குவதாகவும் வரும். பூசிய பிறகு பத்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு ஈரத்தை இழுத்து ஒட்டிக்கொள்ளும், எண்ணெயில் உதிராது. மிளகாய்த்தூளை மாவில் கொட்டாமல் ஊறவைக்கும் மசாலாவிலேயே முடித்துக்கொள்வது நல்லது. மேலே இருக்கும் மிளகாயும் சர்க்கரையும் மாவுக்கு முன்னால் கருகும்.

கனமான, ஆழமான வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டாம். கறி விழுந்ததும் நுரைத்துப் பொங்கும். எண்ணெய் 170 ஆனதும் நாலு துண்டு மட்டும் போடுங்கள். சூடு 150 பக்கம் இறங்கும். இறங்கட்டும், நமக்கு வேண்டியதும் அதுதான். 150-க்கும் 155-க்கும் நடுவில் நிற்கும்படி தீயை வைத்து, முதல் இரண்டு நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, பிறகு ஒருமுறை திருப்பி, மொத்தம் பத்து நிமிடம் பொரித்து எடுக்க வேண்டும். இப்போது நிறம் வெளிறிய மஞ்சளாகத்தான் இருக்கும். பார்த்தால் “இது என்ன இப்படி?” என்று தோன்றும், கவலை வேண்டாம். அப்போது நடுவில் குத்திப் பார்த்தால் 70 டிகிரியை ஒட்டி இருக்கும்.

துண்டுகளைக் கம்பி வலைத்தட்டில் வைத்து, அடுத்த நாலையும் இதேபோல் பொரிக்கவும். அதற்குள் முதல் ஈட்டுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைத்துவிடும். ஓய்வில் மேற்பகுதியின் சூடு உள்ளே இறங்கி நடுப்பகுதி இன்னும் மூன்று நாலு டிகிரி ஏறும். அப்புறம் எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள். விட்டால் கருகி அடுத்த துண்டில் ஒட்டும், கசக்கும். எண்ணெயை 190-க்குக் காயவைத்து, முதல் நாலு துண்டை இரண்டு முதல் மூன்று நிமிடம். கண்ணெதிரே சிவக்கும். எடுக்கும்போது கரண்டியிலேயே இரண்டு உதறு உதறுங்கள். எண்ணெய் உள்ளே இறங்குவது பெரும்பாலும் பொரியும்போது அல்ல, எடுத்த பிறகு ஆவி அடங்கும்போது மேலே ஒட்டியிருப்பதை ஓடு இழுத்துக்கொள்வதால்தான். “இரண்டு தடவை போட்டால் இரண்டு மடங்கு எண்ணெய் குடிக்கும்” என்ற பேச்சுக்கும் இதுவே பதில்: சூடான எண்ணெயிலிருந்து எடுத்து உடனே வடித்தால் அப்படி ஆகாது.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை பொரித்ததை இரண்டு மணி நேரம் கழித்தோ மறுநாளோ மறுபடி பொரிக்கும் திட்டமிருந்தால், முதல் தடவையிலேயே உள்ளே 74 டிகிரி வந்தாக வேண்டும். அரைவேக்காட்டுக் கோழியை வைத்திருப்பது கிருமிக்கு விருந்து. முழுதாக வேகவிட்டு, பரப்பி ஆறவைத்து, பிரிட்ஜில் வைத்துவிட்டால், மறுநாள் பொரிக்கும்போதும் நடுப்பகுதி திரும்ப 74-ஐத் தொட வேண்டும். பிரிட்ஜிலிருந்து வந்த காலுக்கு 190-இல் இரண்டு நிமிடம் போதாது. 165-இல் ஐந்தாறு நிமிடம் சூடேற்றிவிட்டுக் கடைசியில் தீயைக் கூட்டுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லாமல் எண்ணெயைப் பார்ப்பது

கரைத்த மாவில் ஒரு சொட்டை விட்டுப் பாருங்கள். அடிக்குப் போய்த் தங்கினால் 150-க்குக் கீழே. பாதி ஆழம் போய் மேலே வந்தால் 160, 170 பக்கம். மூழ்காமலே மேலே சிதறிப் பொரிந்தால் 180-ஐத் தாண்டிவிட்டது. காய்ந்த மரக்கரண்டியின் காம்பை நட்டாலும் தெரியும்: சின்னக் குமிழி மெதுவாக வந்தால் முதல் தடவைக்கு, சுறுசுறுவென்று வந்தால் இரண்டாம் தடவைக்கு. எண்ணெய் புகைய ஆரம்பித்தால் எந்தத் தடவைக்கும் சரியில்லை, தீயை அணைத்து ஆறவிடுங்கள். எண்ணெயே தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

உள்ளே வெந்ததா என்று எப்படித் தெரியும்?

இந்த இடத்தில்தான் தவறான அடையாளங்கள் அதிகம். மேலோட்டின் நிறம் உள்ளேயிருப்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. தயிரோ சர்க்கரையோ சேர்த்திருந்தால் வேகாமலே சிவந்துவிடும். குமிழி அடங்குவதும் சத்தம் குறைவதும் ஓட்டில் ஈரம் தீர்கிறது என்பதற்கான அடையாளம். எடுக்கும் நேரம் நெருங்குகிறது என்று காட்டும். நடுப்பகுதி வெந்தது என்று காட்டாது. துண்டு மேலே மிதப்பதும் அப்படித்தான்.

எலும்பருகே இருக்கும் சிவப்பு எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். இளம் கோழியின் எலும்பு முற்றாததால் மஜ்ஜையின் நிறம் கறியில் கசிந்து, நன்றாக வெந்த பிறகும் சிவப்பாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரியும். உறையவைத்த கோழியில் இது இன்னும் அதிகம். இதைப் பார்த்துப் பயந்து மறுபடி எண்ணெயில் போட்டுக் கறியைச் சக்கையாக்குவது அடிக்கடி நடக்கிறது. நிறத்தை விட்டுவிட்டுக் கறியின் தன்மையைப் பாருங்கள். வெந்த கறி பளபளப்பின்றி நார்நாராகப் பிரியும். வேகாதது கண்ணாடிபோல் மினுங்கும், விரலால் அழுத்தினால் வழுக்கும், எலும்பை விடாது. காலின் கணுப்பக்கத்தில் கறி சுருங்கி மேலே ஏறி எலும்பு நன்றாக வெளியே தெரிந்தால் அதுவும் நல்ல குறி. ஆனால் அது ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம்.

உறுதியாகச் சொல்வது தெர்மாமீட்டர்தான். முள் மாதிரி குத்தும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் இந்தப் பகுதி முழுவதையும் படிக்க வேண்டியதில்லை! தடித்த இடத்தில், எலும்பில் படாமல், நடுப்பகுதி வரை செலுத்த வேண்டும். எலும்பில் பட்டால் தப்பான அளவு காட்டும். கோழிக்குப் பாதுகாப்பான அளவு 74 டிகிரி. மேலோட்டைக் காப்பாற்ற ஒரு சின்ன உபாயம்: மேலிருந்து குத்தாமல், தட்டில் கீழ்ப்பக்கமாக வைக்கப்போகும் பக்கத்திலிருந்து குத்துங்கள். குத்திய துளை வழியே ஆவி கசிந்தாலும் முகப்பு மொறுமொறுப்பாகவே இருக்கும். எல்லாத் துண்டையும் குத்த வேண்டியதில்லை. ஈட்டிலேயே தடித்த துண்டு எது என்று போடும்போதே அடையாளம் வைத்துக்கொண்டு, அதை மட்டும் பார்த்தால் போதும்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால் அந்தத் தடித்த துண்டைப் பலிகொடுங்கள். எலும்பு வரை கீறிப் பிரித்துப் பார்த்து, வேகவில்லை என்றால் மற்றவற்றையும் சேர்த்து 150-இல் இன்னும் மூன்று நிமிடம். இரண்டு தடவை முறையின் பெரிய வசதி இங்கே தெரிகிறது: இந்தச் சோதனை ஆறவிடும் நேரத்தில் நடக்கிறது, மேலோடு இன்னும் வெளிறிக் கிடக்கிறது, தவறு இருந்தால் திருத்த இடமிருக்கிறது. ஒரே தடவையில் பொரிப்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஓடு சிவந்து முடிந்த பிறகுதான் உள்ளே பச்சை என்று தெரியவரும். அப்போது எதைச் செய்தாலும் ஓடு கருகும்.

வெந்ததும் வடிய வைப்பது கம்பி வலையில்தான். காகிதத்தில் குவித்தால் அடித்துண்டு ஆவியில் ஊறும். சூட்டைக் காக்கிறேன் என்று மூடிபோட்ட பாத்திரத்தில் வைத்தால் ஐந்தே நிமிடத்தில் எல்லாம் நமுத்துவிடும்.

மற்ற இரண்டும் எப்போது?

ஓவன் இருந்தால் நாலாவது வழி மோசமில்லை. 175-இல் ஐந்தாறு நிமிடம் பொரித்து, பொன்னிறம் வந்ததும் எடுத்து, 180 டிகிரி ஓவனில் வலைத்தட்டின் மேல் பத்து பதினைந்து நிமிடம், நடுவில் 74 வரும்வரை. பெரிய கூட்டத்துக்கு ஒரே நேரத்தில் பரிமாற வசதி. காற்றில் காய்வதால் ஓடு சற்றுக் கெட்டியாக வரும். எண்ணெயில் முடித்த ஓட்டின் லேசான நொறுக்கு அதில் இருக்காது. கறியை முன்பே தண்ணீரில் வேகவைத்துப் பிறகு பொரிப்பதும் சிலர் பழக்கம். பச்சையாக இருக்குமோ என்ற பயம் போகும் என்பதைத் தவிர அதில் லாபமில்லை. சாறு தண்ணீரில் போய்விடும், வழுவழுப்பான மேற்பரப்பில் மாவும் சரியாகப் பிடிக்காது. பிரஷர் குக்கரில் எண்ணெய் ஊற்றிப் பொரிக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். கடைகளில் இருப்பது அதற்கென்றே செய்த எந்திரம். வீட்டுக் குக்கர் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டதல்ல.

எலும்பில்லாத சிறு துண்டிலும் ஒரு தேர்வு இருக்கிறது: தொடைக்கறியா, நெஞ்சுக்கறியா? காலிலும் தொடையிலும் இணைப்புத்திசு அதிகம். 74-இல் பாதுகாப்பு வந்துவிட்டாலும் கடிக்க ரப்பர்போல் இருக்கும். 80, 85-க்குப் போனால்தான் அது இளகிக் கறி மெத்தென்று ஆகும். ஆகவே தொடையில் இரண்டு நிமிடம் கூடப் போனாலும் ருசி கெடாது, கூடவும் செய்யலாம். நெஞ்சுக்கறி 74-ஐத் தாண்ட ஆரம்பித்ததும் சாற்றை விட்டுவிட்டு உலர்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் துண்டில் அந்த இடைவெளி ஒரு நிமிடம்கூட இருக்காது. தெர்மாமீட்டர் கையில் இருப்பவருக்கு நெஞ்சு சரிப்படும்: 71, 72 காட்டும்போது எடுத்து வலையில் வைத்தால் மீதியை ஓய்வில் ஏறிக்கொள்ளும், பரிமாறுமுன் 74 வந்ததை ஒருமுறை பார்த்துவிடலாம். இல்லாதவர் தொடையை வாங்கி, எலும்பெடுத்து, 175-இல் ஐந்தாறு நிமிடம் பொரிக்கட்டும்.